கடைப் பக்கெற் பரோட்டா அட்டை மாதிரி வருகிறதே, என்ன காரணம்?

விசுவமடு வாசி — ஓகஸ்ட் 3, இரவு

கிளிநொச்சி ரவுனில் உறைந்த பரோட்டா பக்கெற் வாங்குகிறேன். ஐந்து துண்டு, ஒவ்வொன்றுக்கும் இடையில் பொலித்தீன் தாள். உருக விடாமல் நேரே கல்லில் போடு என்று பக்கெற்றிலேயே எழுதியிருக்கிறது, அப்படித்தான் போடுகிறேன். மேலே கருகுகிறது, நடுவில் களி, ஆறிய பிறகு அட்டை. அடுக்கு என்ற பேச்சே இல்லை. கொழும்பில் தங்கச்சி வீட்டில் அதே பக்கெற் இதழ் இதழாகப் பிரிந்து வருகிறது. அவள் ஒன்றும் பெரிய சமையல்காரி இல்லை, தேத்தண்ணி போட்டாலே யோசித்துத்தான் குடிக்க வேண்டும். அப்படியென்றால் பிழை என்னிலா, அடுப்பிலா, பக்கெற்றிலா? காஸ் அடுப்புத்தான், விறகு இல்லை.

மல்லாவி அக்கா — ஓகஸ்ட் 3, இரவு

உறைந்ததைச் சூடான கல்லில் போட்டால் வெளிப்பக்கம் கருகி உள்ளே வேகாமல்தானே கிடக்கும். பக்கெற்றில் எழுதுகிறவன் எங்கள் வீட்டுக் குசினிக்கு வந்தா பார்த்தான்? அரை மணித்தியாலம் மேசையில் வையுங்கோ. கையால் வளைக்கக்கூடிய பதம் வந்ததும் தண்ணீர் தெளித்து, மூடி போட்டுச் சுடுங்கோ. எனக்கு ஒரு நாளும் பிழைத்ததில்லை.

கரடிப்போக்கு — ஓகஸ்ட் 4, காலை

அக்கா சொல்வது அவர் வாங்கும் பக்கெற்றுக்குச் சரி, விசுவமடு வாங்கும் பக்கெற்றுக்குச் சரியில்லை. அக்கா, உங்கள் துண்டில் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா, அல்லது வெள்ளை வெளேரென்று இருக்கிறதா? புள்ளி இருந்தால் அது தொழிற்சாலையிலேயே அரைவாசி சுட்டு உறைய வைத்தது. சப்பாத்தி பக்கெற் பலது அந்த வகைதான். அதற்கு உங்கள் தண்ணீரும் மூடியும் பொருந்தும்.

இடையில் பொலித்தீன் தாள் வைத்து வருவது பச்சை மா. அதில் இன்னும் ஒன்றும் வேகவில்லை. மாவும் மாஜரினும் மாறி மாறி மடிக்கப்பட்டு, மாஜரின் கட்டியாக உறைந்திருப்பதால்தான் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கின்றன. கல்லில் போட்டதும் மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி அடுக்குகளுக்கு இடையில் தள்ளும். மாஜரின் அப்போதுதான் உருக வேண்டும். அரை மணித்தியாலம் மேசையில் வைத்தால் அது மேசையிலேயே உருகி மாவுக்குள் இறங்கிவிடும். அதற்குப் பிறகு ஆவி வந்து தள்ளுவதற்கு அடுக்கே இருக்காது.

இருபது வருஷத்துக்கு மேல் ரொட்டிக் கல்லடியில் நின்றவன் நான், பக்கெற் சாமானைப் பார்த்தால் சிரிப்பு வரும். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் நானும் பக்கெற்தான் சாப்பிடுகிறேன். சரி, அது கிடக்கட்டும்.

விசுவமடு, சுடுகிற முறையைப் பற்றிக் கதைக்க முதல் ஒன்று கேட்கிறேன். பிரீசரில் இருந்து எடுக்கும்போது துண்டுகள் தனித்தனியே கழன்று வருகின்றனவா? பக்கெற்றுக்குள் வெள்ளைப் பனித் துகள் கொட்டிக் கிடக்கிறதா?

மாங்குளத்தான் (ரொறன்ரோ) — ஓகஸ்ட் 4, மத்தியானம்

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா? எயார் பிரையரில் போட்டு ஆறு நிமிஷம். முடிந்தது. இங்கே எல்லாரும் அப்படித்தான்.

விசுவமடு வாசி — ஓகஸ்ட் 4, பின்னேரம்

மாங்குளத்தான், எங்கள் வீட்டு ஒரே எயார் பிரையர் வெளி முற்றம்தான். ஓகஸ்ட் வெயிலில் ஓட்டுக்கு மேலே பரோட்டாவை வைத்தால் உங்களுடைய ஆறு நிமிஷமும் தேவைப்படாது.

கரடிப்போக்கு அண்ணை, இப்போது ஒரு பக்கெற் பிரீசரில் கிடந்தது, எடுத்துப் பார்த்தேன். ஐந்தும் ஒரு பக்கமாகச் சரிந்து, அடியில் உள்ள இரண்டும் ஓரத்தில் ஒன்றாகப் பிடித்திருக்கின்றன. கத்தி வைத்துத்தான் பிரிக்கலாம், பிரித்தால் பொலித்தீன் கிழிந்து மாவோடு வருகிறது. நடுவில் தடிப்பு, ஒரு ஓரம் மெல்லிசு. பனி நிறைய இருக்கிறது, பக்கெற்றை ஆட்டினால் சலசலக்கிறது. இது நல்லதுதானே? நன்றாக உறைந்திருக்கிறது என்று அர்த்தம்?

கரடிப்போக்கு — ஓகஸ்ட் 4, இரவு

இல்லைத் தம்பி. அந்தப் பனி எங்கே இருந்து வந்தது என்று யோசித்துப் பாரும். பக்கெற்றை மூடி ஒட்டியபோது உள்ளே மாவும் கொஞ்சக் காற்றும்தான் இருந்தன. அந்தப் பனி முழுவதும் மாவில் இருந்து வெளியே போன தண்ணீர். கல்லில் ஆவியாகி அடுக்கைத் தூக்க வேண்டிய தண்ணீர்தான் பக்கெற்றுக்குள் தூளாகக் கிடந்து சலசலக்கிறது. மா காய்ந்துவிட்டது, அதனால்தான் ஆறியதும் பல்லுக்கு வேலை வைக்கிறது.

சரிந்து ஒட்டியிருப்பதும் அதே கதைதான். உறைந்த துண்டு சரியாது. இளகினால்தான் சரியும். சரிந்த கோலத்திலேயே மறுபடி உறைந்திருக்கிறது என்றால், அந்தப் பக்கெற் ஒரு முறையாவது இளகித் திரும்ப உறைந்தது. மாஜரின் மாவுக்குள் இறங்கியதால் ஆவிக்கு வழி இல்லை, சூடும் உள்ளே போகாது. அதுதான் உம்முடைய களி. தடிப்பும் மெல்லிசுமாக இருப்பதால் ஒரு பக்கம் கருகும்போது மற்றப் பக்கம் பச்சையாக நிற்கும். அடுப்பில் நீர் என்ன செய்தாலும் இந்தப் பக்கெற்றை முழுதாகத் திருத்த ஏலாது.

இனி, எங்கே இளகியது என்பதுதான் கேள்வி. கடையிலா, வழியிலா, உம்முடைய வீட்டிலா?

புதுக்குடியிருப்பு கடை — ஓகஸ்ட் 5, காலை

உடனே கடைக்காரனைப் பிடியுங்கோ. நான் சின்னக் கடை வைத்திருக்கிறேன், பிரீசரை இரவும் பகலும் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், மின்சாரக் கட்டணத்தைப் பார்த்தால் அழுகை வரும். சனம் வந்து பக்கெற்றை எடுத்து, மீன் வாங்கி, பிள்ளைக்குக் கொப்பி வாங்கி, சந்தியில் நின்று கதைத்து, பிறகு வெயிலில் மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக் கொண்டு போகிறது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் கடைக்காரன் கள்ளன்.

கரடிப்போக்கு — ஓகஸ்ட் 5, மத்தியானம்

உங்கள் கடையைச் சொல்லவில்லை. ஆனால் இரவில் பிரீசரை நிறுத்திவிட்டுக் காலையில் போடுகிற கடைகள் இருக்கின்றன. ஒரு கடையில் விடிய நேரத்தோடு போனபோது பெட்டியின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றதை நானே பார்த்தேன், பின்னேரம் அதே பெட்டி கல்லாக இருந்தது. பெயர் சொல்லத் தேவையில்லை.

கடையிலேயே கண்டுபிடிக்கலாம். பக்கெற்றை எடுத்துப் பெட்டி விளிம்பில் மெதுவாகத் தட்டிப் பாருங்கோ. பலகையில் தட்டிய மாதிரிச் சத்தம் வர வேண்டும். ஐந்து துண்டும் நேராக அடுக்கி நிற்க வேண்டும், விரலால் ஓரத்தைத் தள்ளினால் பக்கெற்றுக்குள் தனித்தனியே நகர வேண்டும். வளைந்திருந்தால், சலசலத்தால், ஓரம் ஒட்டியிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கோ. மேலே கிடப்பதை எடுக்காமல் அடியில் கை விட்டு எடுங்கோ. பெட்டியை ஆளாளுக்குத் திறந்து மூடும்போது மேலே கிடப்பதுதான் முதலில் இளகும்.

ஒட்டுசுட்டான் தம்பி — ஓகஸ்ட் 5, இரவு

அண்ணை, கொத்துக்கு இது சரிவருமா? முட்டைக் கொத்துக்கு எத்தனை துண்டு போட வேண்டும்? கடைச் சத்தம் வருவதற்கு இரண்டு தகடு எங்கே வாங்கலாம்?

கரடிப்போக்கு — ஓகஸ்ட் 5, இரவு

தம்பி, நாங்கள் மென்மையாக்கப் பாடுபடுகிறோம், நீர் வெட்டுகிறதற்கு வந்து நிற்கிறீர்! ஆனாலும் உம்முடைய கேள்வியில் ஒரு விஷயம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

விசுவமடு வாசி — ஓகஸ்ட் 6, காலை

வழிதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ரவுனில் வேலை முடிந்து, பக்கெற்றை வாங்கி, பரந்தன் சந்தியில் திரும்பி ஏ35 வழியே தர்மபுரம் தாண்டி வர வேண்டும். இடையில் பெற்றோல் அடிப்பது, அம்மாவுக்கு மருந்து எடுப்பது என்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். பக்கெற் சொப்பிங் பையில் ஹாண்டிலில் தொங்கும். நடு மத்தியானம். தங்கச்சிக்கோ கடை வீட்டுக்கு எதிரே.

கரடிப்போக்கு — ஓகஸ்ட் 6, மத்தியானம்

அப்படியென்றால் விடை வந்துவிட்டது. ஹாண்டிலில் தொங்கும்போது வெயில் மட்டும் இல்லை, ஓட ஓட அடிக்கிற சூட்டுக் காற்றும் சேர்ந்து இளக்கும். ஐந்து துண்டுப் பக்கெற் மெல்லிசு, அதற்குள் குளிரைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. ஆட்டத்தில் இளகிய துண்டு ஒரு பக்கம் சரியும். வீட்டில் பிரீசரில் போட்டதும் அதே சரிவில் உறையும்.

முல்லைத்தீவில் இருந்து மீன் கொண்டு வருகிறவர்களைப் பாரும். ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸோடு கட்டிக் கொண்டு வருகிறார்கள், மத்தியானத்திலும் மீன் குளிர் விடாமல் நிற்கிறது. உமக்கு அவ்வளவு பெரிய பெட்டி வேண்டாம். பக்கெற்றைப் பழைய பேப்பர் பத்துப் பன்னிரண்டு தாளில் இறுக்கமாகச் சுற்றி, ஒரு துவாயால் இன்னொரு சுற்றுச் சுற்றி, இருக்கைப் பெட்டிக்குள்ளோ முதுகுப் பைக்குள்ளோ வையும். இரண்டு மூன்று பக்கெற்றாக வாங்கி ஒன்றுக்கு மேல் ஒன்று சேர்த்துச் சுற்றினால் இன்னும் நல்லது, ஒன்றின் குளிரில் மற்றது நிற்கும். காலையில் வீட்டில் இருந்து உறைந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கொண்டுபோய்ப் பக்கெற்றோடு சேர்த்துச் சுற்றினால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. வேலை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகக் கடைக்குள் போங்கோ. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம்.

மல்லாவி அக்கா — ஓகஸ்ட் 6, இரவு

என்னுடையதில் புள்ளி இருக்கிறது. சப்பாத்திதான். ஆனால் பரோட்டாவையும் நான் அப்படித்தான் செய்தேன், பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

கரடிப்போக்கு — ஓகஸ்ட் 6, இரவு

பிள்ளைகள் பசியில் சாப்பிட்டிருப்பார்கள் அக்கா, கோபிக்காதீர்கள்.

சப்பாத்திக்கு ஒரு சின்ன மாற்றம் மட்டும் சொல்கிறேன். மேசையில் அரை மணித்தியாலம் வைக்கத் தேவையில்லை, கீழ்த் தட்டில் இரவு முழுக்க வைப்பது அதைவிட மோசம். வெந்த மா மிகக் கெதியாக விறைப்பது பிரிஜ்ஜின் கீழ்த் தட்டுக் குளிரில்தான், பிரீசரில் அல்ல. பாணைக் கீழே வைத்தால் மறுநாள் உதிர்கிறதே, அதே காரணம். பிரீசரில் இருந்து எடுத்து, இரண்டு பக்கமும் ஈரக் கையால் தடவி, சூடான கல்லில் போட்டு மூடி, பக்கத்துக்கு அரை நிமிஷம், முக்கால் நிமிஷம். நன்றாகச் சூடேறினால் விறைப்புத் தானாக விட்டுப் போகும். எடுத்த உடனே துணியில் சுற்றுங்கோ. கல்லில் கூட நேரம் கிடந்தால் தெளித்த தண்ணீரும் போய், அதனுடைய சொந்தத் தண்ணீரும் போய்விடும்.

மாங்குளத்தான் (ரொறன்ரோ) — ஓகஸ்ட் 7

மைக்ரோவேவ்? ஈரத் தாளில் சுற்றி இருபது செக்கன். சப்பாத்தி பூவாக வருகிறது.

கரடிப்போக்கு — ஓகஸ்ட் 7, பின்னேரம்

வரும், அந்த நிமிஷத்தில் சாப்பிட்டால். கதைத்துக் கொண்டிருந்து ஐந்து நிமிஷம் போனால் இழுபடும். பச்சை மாப் பரோட்டாவை மட்டும் அதில் வைத்துவிடாதீர்கள், வெள்ளைக் களிதான் மிஞ்சும். எயார் பிரையர் பச்சை மாவுக்குச் சரிதான், அதை நான் குறை சொல்லவில்லை. நொறுங்கலாக வரும், ஆனால் எங்களுக்கு வேண்டிய மென்மை வராது. கறியில் தோய்த்துச் சாப்பிடுகிறவனுக்கு நொறுங்கல் எதற்கு?

விசுவமடு வாசி — ஓகஸ்ட் 9, இரவு

இன்று பேப்பர், துவாய், உறைந்த போத்தல் எல்லாம் கட்டிக் கொண்டு வந்தேன். செக் பொயின்றில் மறித்திருந்தால் துவாய்க்குள் பரோட்டா என்று சொல்லி விளங்கப்படுத்த வேண்டி வந்திருக்கும். வீட்டில் வந்து பிரித்தபோது துண்டுகள் கழன்று வந்தன. பனி கொஞ்சம்தான். இப்போது சுடுகிற முறையைச் சொல்லுங்கோ, வீணாக்கப் போவதில்லை.

கரடிப்போக்கு — ஓகஸ்ட் 10, காலை

கல்லில் இருந்து தொடங்குவோம். தட்டையான, தடித்த தோசைக்கல் வேண்டும். தாச்சியில் சுடாதீர்கள். தாச்சி குழிந்திருப்பதால் உறைந்த துண்டின் ஓரம் மட்டும்தான் தொடும், நடு அந்தரத்தில் நிற்கும்.

கல்லை நடுத்தர நெருப்பில் மூன்று நான்கு நிமிஷம் காய விடுங்கோ. தண்ணீர் ஒரு சொட்டுத் தெளித்தால் சீறி இரண்டு செக்கனில் காய வேண்டும். சொட்டு உருண்டு உருண்டு ஓடினால் கல் கூடச் சூடு, நெருப்பைக் குறைத்துக் கொஞ்ச நேரம் விடுங்கோ. எண்ணெய் ஒரு துளியும் வேண்டாம், துண்டுக்குள்ளேயே தேவைக்கு மேல் இருக்கிறது.

கல் காய்ந்த பிறகுதான் பிரீசரைத் திறக்க வேண்டும். சுடுகிற அளவுக்கு மட்டும் எடுத்து, மீதியை உடனே திரும்ப வையுங்கோ. பொலித்தீனை இரண்டு பக்கமும் உரித்துப் போடுங்கோ. அவசரத்தில் ஒரு பக்கத்துத் தாளோடு கல்லில் போட்டவர்களை எனக்குத் தெரியும், வாசம் ஒரு கிழமைக்குப் போகாது.

போட்டதும் துண்டு இளகிக் கண்ணாடி மாதிரித் தெரியும். அப்போது அகப்பையால் அழுத்தாதீர்கள். அழுத்தினால் இளகிய மாஜரின் பக்கவாட்டில் வழியும், அடுக்குகள் ஒட்டும். ஒன்றரை நிமிஷம் போல விட்டால் அடிப்பக்கத்தில் வெளிறிய புள்ளி வரும், அப்போது திருப்புங்கோ. இரண்டாம் பக்கத்தில்தான் அது பொங்கத் தொடங்கும், அங்கங்கே மேடு எழும்பும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று தரம் திருப்பித் திருப்பிப் போட்டு, ஓரத்தை மட்டும் அகப்பையால் லேசாகக் கல்லோடு பிடியுங்கோ. எல்லாமாக நான்கில் இருந்து ஐந்து நிமிஷம். கண்ணாடித் தன்மை எங்குமே இல்லாமல் வெள்ளையாகவும் பொன்னிறமாகவும் மாறினால் வெந்தது. நடுவில் ஒரு இடம் மட்டும் கண்ணாடியாக நின்றால் அதுதான் களி, இன்னும் கொஞ்சம் விடுங்கோ.

நெருப்பை மிகக் குறைத்துப் பொறுமையாகச் சுட்டால் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் நிறம் வருவதற்குள் தண்ணீர் எல்லாம் போய் பிஸ்கற் ஆகிவிடும்.

இனி இழை பிரிப்பது. வீடுகளில் எல்லாரும் விடுகிற வேலை இதுதான். இறக்கிய உடனே, ஆவி பறக்கும்போதே, இரண்டு பரோட்டாவை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பலகையில் வைத்து, இரண்டு பக்கத்தில் இருந்தும் உள்ளங்கையால் நடுவை நோக்கி அடியுங்கோ. திருப்பிப் பிடித்து மறுபடி. நான்கு அடி போதும். கை சுடும், துணி பிடித்துக் கொள்ளலாம். உள்ளே அடைபட்ட ஆவி வெளியே வரும்போது அடுக்குகளை விலக்கிக் கொண்டு வரும். அடிக்காமல் தட்டையாக ஆற விட்டால் மாஜரின் இறுகி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். நன்றாகச் சுட்ட பரோட்டாவும் அப்படிக் கெட்டுப் போவதைக் கண்டிருக்கிறேன்.

அடித்த பிறகு பருத்தித் துணியில் சுற்றி இரண்டு மூன்று நிமிஷம். மிஞ்சிய ஆவியில் மேல் தோல் இளகும். பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து மூடினால் வியர்த்துச் சொதசொதக்கும்.

விசுவமடு வாசி — ஓகஸ்ட் 10, இரவு

வந்துவிட்டது! நடுவும் வெந்தது, ஓரம் பிரிந்து நிற்கிறது. அம்மா பருப்புக் கறியும் கட்டைச் சம்பலும் வைத்தா. முதல் துண்டைப் பலகையில் அடித்தபோது மனைவி ஏன் கோபம் என்று கேட்டாள். கொழும்பு அளவுக்கு இன்னும் வரவில்லை, நடுச் சுருள் கொஞ்சம் பிடிவாதமாகக் கிடந்தது. அதற்கு என்ன செய்யலாம்?

கரடிப்போக்கு — ஓகஸ்ட் 11

நடுச் சுருள் எந்தப் பரோட்டாவிலும் தடிப்புத்தான், மாவைச் சுற்றி வைக்கும்போது முடிச்சு அங்கேதான் விழும். கடைசியாகத் திருப்பும்போது நடுவை மட்டும் அகப்பை நுனியால் இரண்டு மூன்று தரம் குத்திப் பாரும். அந்த நேரத்தில் மா வெந்திருக்கும், அழுத்தம் கெடுக்காது. சிலர் நடுவில் அரைத் தேக்கரண்டி எண்ணெய் விடுவார்கள். எனக்குப் பிடிக்காது, ஆனால் அது என் நாக்கு.

புதுக்குடியிருப்பு கடை — ஓகஸ்ட் 11, இரவு

அண்ணை, எண்ணெய் ஒரு துளியும் வேண்டாம் என்றீர்கள், இப்போது அரைத் தேக்கரண்டி. எங்கள் வீட்டில் ஓரத்தைச் சுற்றிக் கொஞ்சம் விட்டால்தான் மென்மையாக இருக்கிறது. நீங்கள் எத்தனை வருஷம் கல்லடியில் நின்றிருந்தாலும் இதில் நான் விட மாட்டேன்.

கரடிப்போக்கு — ஓகஸ்ட் 12

விட வேண்டாம். இளகித் திரும்ப உறைந்த பக்கெற்றுக்கு எண்ணெய் உதவும், அது காய்ந்த மா. நல்ல பக்கெற்றுக்கு உதவாது என்பது என் வாதம். உங்கள் கடைப் பக்கெற் எந்த வகை என்று நான் கேட்கவில்லை.

மல்லாவி அக்கா — ஓகஸ்ட் 13, காலை

வழியை விடுங்கோ, வீட்டில் கரண்ட் போனால்? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு ஏறினதென்று நாடு முழுக்க இருண்டதே, என் பிரீசரும்தான் இருண்டது. 2022இல் வெட்டு நடந்த காலத்தில் பிரிஜ்ஜை அலமாரியாகத்தான் வைத்திருந்தேன். நான் வீட்டில் இல்லாத நேரம் போய் வந்தால் உள்ளே இளகினதா என்று எப்படித் தெரியும்?

கரடிப்போக்கு — ஓகஸ்ட் 13, இரவு

ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலை அரைவாசி நிரப்பி, நிமிர்த்தி வைத்து உறைய விடுங்கோ. உறைந்த பிறகு அதைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கோ. ஐஸ் போத்தலின் அடிப்பக்கத்திலேயே நின்றால் ஒன்றும் நடக்கவில்லை. படுத்த பக்கம் நீளமாகப் பரவி உறைந்திருந்தால், நீங்கள் இல்லாதபோது உருகி மறுபடி உறைந்திருக்கிறது. பரோட்டாவும் அதே கதைதான்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருப்பதுதான் முதல் வைத்தியம். வெறும் பிரீசரைவிட நிறைந்த பிரீசர் கூட நேரம் தாங்கும், இடம் இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி வையுங்கோ. இன்னொன்று, பிரிஜ் கதவில் நட்சத்திரக் குறி பாருங்கோ. ஒரு நட்சத்திரம் மைனஸ் 6 பாகை, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. பக்கெற்றில் போட்டிருக்கிற திகதி மைனஸ் 18க்குத்தான். ஒற்றைக் கதவுப் பழைய பிரிஜ்ஜின் மேல் பெட்டியில் ஐஸ்கிறீம் குழைந்து கிடந்தால், அங்கே பரோட்டாவை ஒரு கிழமை, இரண்டு கிழமைக்கு மேல் வைக்காதீர்கள்.

விசுவமடு வாசி — ஓகஸ்ட் 14

முதலில் சொன்ன அந்தச் சரிந்த பக்கெற் இன்னும் கிடக்கிறது. எறியவா?

கரடிப்போக்கு — ஓகஸ்ட் 14, இரவு

புளித்த வாடை வந்தால், அல்லது சாம்பல் நிறம் விழுந்தால் எறியும். இல்லையென்றால் எறிய வேண்டாம். பிரீசரில் இருந்து இறக்கி முழுதாக இளக விடும், பொலித்தீன் எல்லாம் தேடி எடுத்துவிடும். இரண்டு துண்டைச் சேர்த்து உருட்டி, எண்ணெய் தடவிக் கால் மணித்தியாலம் மூடி வையும். பிறகு எண்ணெய்க் கையால் மேசையில் மெல்லிசாக இழுத்து, கொசுவி, சுருட்டி, இன்னும் அரை மணித்தியாலம் விட்டு, உள்ளங்கையால் தட்டிச் சுடும். புது அடுக்கு விழும். பழைய அடுக்கு அளவுக்கு நுணுக்கமாக இருக்காது, கொஞ்சம் எண்ணெய்ச் சுவையும் தெரியும். மா மிகவும் காய்ந்திருந்தால் இழுக்கும்போது கிழியும், அப்போது இந்த வழியும் சரிவராது.

அப்படிக் கிழிந்தால் ஒட்டுசுட்டான் தம்பியைக் கூப்பிடும். தம்பி, உம்முடைய கேள்விக்கு விடை இதுதான். கொத்துக்கு அடுக்கு வேண்டாம், விறைப்புத்தான் வேண்டும். சரிந்த துண்டுகளைத் தட்டையாக நன்றாக வேக வைத்து, அடிக்காமல் ஆற விட்டு, பிறகு கீற்றாக வெட்டும். சூடான மென்மையான பரோட்டாவைக் கொத்தினால் கல்லில் களியாகும். ஒரு ஆளுக்கு இரண்டு துண்டு, ஒரு முட்டை.

ஒட்டுசுட்டான் தம்பி — ஓகஸ்ட் 15

நன்றி அண்ணை. தகடு?

புதுக்குடியிருப்பு கடை — ஓகஸ்ட் 15

என் கடையில் இருக்கிறது தம்பி. பரோட்டாவும் இருக்கிறது. தட்டிப் பார்த்து எடுக்கலாம்.

விசுவமடு வாசி — ஓகஸ்ட் 17

ஒன்று விளங்கவில்லை. நேற்று ரவுனில் வேறு கடையில் தட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன், சத்தம் வந்தது, நேராக இருந்தது, துவாயில்தான் கொண்டு வந்தேன். ஆனாலும் உள்ளே பனி, இரண்டு துண்டில் வெள்ளையாகக் காய்ந்த திட்டு. சுட்டால் அந்தத் திட்டு மட்டும் கடினமாக நிற்கிறது, மற்ற இடம் பிரிகிறது.

கரடிப்போக்கு — ஓகஸ்ட் 17, இரவு

அது இளகினதால் வந்தது இல்லை. நெடுநாள் கிடந்ததாக இருக்கலாம், அல்லது பக்கெற்றில் எங்கேயோ ஊசித் துளை. காற்றுப் படும் இடத்தில் மா உறைந்தபடியே காயும். திகதி பாரும். பக்கெற்றைக் கைக்குள் அமத்திப் பாரும், காற்றுக் கசிந்தால் துளைதான். அந்தத் திட்டில் சுட முதல் ஈர விரலால் ஒரு தடவு தடவினால் கொஞ்சம் இளகும். திறந்த பக்கெற்றில் மிஞ்சுவதை நீரும் அப்படியே சுருட்டி வைக்காமல், காற்றை அமத்தி வெளியேற்றி, இறுக்கிக் கட்டி, இன்னொரு பைக்குள் போட்டு வையும்.

விசுவமடு வாசி — ஓகஸ்ட் 18

திகதி இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. காற்றும் கசியவில்லை.

புதுக்குடியிருப்பு கடை — ஓகஸ்ட் 18

லொறியில் வரும்போதே அப்படித்தான் வருகிறது சில நேரம். நாங்கள் திருப்பி அனுப்பினால் அடுத்த தரம் எங்கள் பக்கம் லொறி வராது.